வெரலு வெறச்சுப் போச்சு, மெஷினுக்கு நம்மளத் தெரியலயாம்

நுவரெலியாவுல ஆபீஸ் வேலை பாக்குறவங்களுக்கு வருசத்துல ரெண்டு சீசன் இருக்கு. ஒண்ணு ஏப்ரல் சீசன், அது ஊருக்கே தெரியும், பூ, குதிரை, கொழும்பு நம்பர் வாகனம், நடக்க எடமில்லாத ரோட்டு. இன்னொண்ணு ஜனவரி பெப்ரவரில வர்ற வெரல் சீசன், இது ஆபீஸ் போறவங்களுக்கு மட்டும் தெரிஞ்சது. அந்த நாள்ல காலம்பற எட்டு இருபதுலேர்ந்து எட்டரை வரைக்கும் எங்க ஆபீஸ் வாசல்ல வந்து நின்னீங்கன்னா, நல்லா படிச்சு வேலைக்கு வந்த வளந்த மனுசங்க வரிசையா நின்னு அவங்கவங்க ஆள்காட்டி வெரல வாய்க்கிட்ட வச்சு ஹா ஹான்னு ஊதிக்கிட்டு நிக்கிறதப் பாக்கலாம். டிக்கெட் இல்ல, இலவசம்.

எல்லாத்துக்கும் காரணம் செவுத்துல மாட்டியிருக்குற அந்த ஃபிங்கர்பிரின்ட் மெஷின். வெரல வச்சா பச்ச லைட் எரிஞ்சு "தேங்க் யூ"ன்னு ஒரு பொம்பளக் குரல் சொல்லும். புடிக்கலன்னா செவப்பு லைட், "ப்ளீஸ் ட்ரை அகேய்ன்". அந்தக் குரல்ல கோவமும் இல்ல, பரிதாபமும் இல்ல, அதுதான் ரொம்ப எரிச்சலா இருக்கும். எங்க ஆபீஸ் சட்டப்படி எட்டரை தாண்டி ஒரு நிமிசம் ஆனாலும் லேட்டு, மாசத்துக்கு மூணு லேட்டு சேந்தா அரை நாள் லீவு போயிரும். நீங்க எட்டு இருபத்தஞ்சுக்கே உள்ள வந்து மெஷினுக்கு முன்னாடி நின்னு அதோட மல்லுக்கட்டுனது எதுலயும் பதிவாகாது, அது எப்ப தேங்க் யூ சொல்லுச்சோ அதுதான் கணக்கு.

நான் தலவாக்கலையிலேர்ந்து வர்றேன். லிந்துல, நானுஓயா, பிளக்பூல்னு பஸ் ஏற ஏற வெளிய பனி கட்டிக்கும், ட்ரைவர் லைட்டப் போட்டுக்கிட்டு முன்னாடி போற லொறியோட பின்பக்கத்த மட்டும் பாத்து ஓட்டுவாரு, உள்ள எல்லாரும் கையக் கக்கத்துல சொருகிக்கிட்டு தூங்குவோம். ஆனா எடம் கெடைக்காத நாள்ல அந்த இரும்புக் கம்பியப் புடிச்சுக்கிட்டே நிக்கணும் பாருங்க, அங்கதான் வெரலோட கதை ஆரம்பம். நுவரெலியா 1868 மீட்டர் ஒசரம், இந்த மாசங்கள்ல விடியக்காலைல புல்லு மேல வெள்ளையா உறைபனி படிஞ்சு தேயிலக் கொழுந்தே கருகிப் போற ஊரு, அந்தக் குளிர்ல கம்பியப் புடிச்ச வெரலு பஸ் ஸ்டாண்டுல எறங்கும்போது நம்ம ஒடம்புலதான் ஒட்டியிருக்கான்னு தொட்டுப் பாத்தாத்தான் தெரியும்.

மெஷினுக்கு முன்னாடி ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வச்சிருக்காங்க. அக்கவுண்ட்ஸ் அக்கா வெரல தலைமுடியில ரெண்டு தேய்ப்பு தேச்சிட்டு வைப்பாங்க, காலைல தேங்காண்ணெ வச்ச முடி, அதனால அவங்களுக்கு அனேகமா ஒரே தடவைல புடிச்சிரும். ஸ்டோர்ஸ் அண்ணன் பேன்ட்ல தேய்ப்பாரு, தேச்சு தேச்சு இருக்குற கொஞ்ச ஈரமும் போய், அவருக்கு என்னக்குமே புடிக்காது. "வெரல நல்லா அமுக்குங்கண்ணே"ன்னு பின்னாலேர்ந்து ஒரு குரல் வரும், அவரு அமுக்குவாரு, செவுரு பின்னால போற அளவுக்கு அமுக்குவாரு, ப்ளீஸ் ட்ரை அகேய்ன். சேல்ஸ் தம்பி ஒருத்தன் ஒரு நாளு தொண்டைக்குத் தடவுற தைலத்த வெரல்ல பூசி வச்சான், அவனுக்குப் புடிச்சிருச்சு, அதுக்கப்புறம் வந்த ஒருத்தருக்கும் புடிக்கல. கண்ணாடி முழுக்க தைலம். அன்னக்கி மெஷின் இருந்த மூலையே மருந்துக்கடை வாசனையா இருந்துச்சு, சளி புடிச்சிருந்த ரெண்டு பேருக்கு மட்டும் அதுல லாபம்.

இதுல மேனேஜர் சேருக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசமும் கெடையாது, அவருக்கும் இதே மெஷின்தான். பதவி ஒசர ஒசர வெரல் சூடாகும்னு எங்கயும் எழுதல. அவரு நாலாவது தடவை வைக்கும்போது பின்னால நிக்கிறவங்க எல்லாரும் நோட்டீஸ் போர்டுல போன வருசத்து சுற்றறிக்கைய ரொம்ப கவனமா வாசிச்சுக்கிட்டு இருப்போம்.

ஒரு திங்கக்கெழம நிலமை கையை மீறிருச்சு. ராத்திரி வானம் தெளிவா இருந்த நாளு, அப்பிடி மேகம் இல்லாத ராத்திரிக்கு மறுநாள்தான் இங்க உறைபனி கொட்டும். எட்டு முப்பத்தஞ்சாச்சு, வரிசைல பாதிப் பேரு இன்னும் மெஷினுக்கு அறிமுகமாகாம நிக்கிறோம். எச்ஆர் மிஸ் ஒரு நோட்டப் புத்தகத்த எடுத்து எல்லாரும் கையெழுத்துப் போடுங்கன்னாங்க, பேனா புடிக்கவும் வெரல் மடங்கல, என் கையெழுத்து எனக்கே சந்தேகமா இருந்துச்சு. உடனே கண்டிக்கு ஃபோன் போட்டு டெக்னீசியனக் கூப்பிட்டாங்க.

டெக்னீசியன் தம்பி வந்து சேர மத்தியானம் ஒரு மணி. அதுக்குள்ள பனி வெலகி நல்ல வெயில், எல்லாரும் சோறு சாப்புட்டு கை கழுவித் தொடச்சு வெதுவெதுன்னு உக்காந்திருக்கோம். தம்பி சொன்னாரு, "சரி ஒவ்வொருத்தரா வந்து வைங்க." அக்கவுண்ட்ஸ் அக்கா வச்சாங்க, தேங்க் யூ. நான் வச்சேன், தேங்க் யூ. ஸ்டோர்ஸ் அண்ணன், வாழ்க்கைல முதல் தடவையா, பேன்ட்ல தேச்சும் தேங்க் யூ! தம்பி எங்களப் பாத்தாரு, நாங்க எச்ஆர் மிஸ்ஸப் பாத்தோம், மிஸ் மெஷினப் பாத்தாங்க. பல்லு வலிக்குதுன்னு டாக்டர்கிட்ட போய் ஒக்காந்ததும் வலி காணாமப் போகுமே, அதேதான். "மிஸ், மெஷின் நல்லாத்தானே இருக்கு?"ன்னாரு தம்பி, கண்டியிலேர்ந்து வளைஞ்சு வளைஞ்சு பஸ்ல வந்த மனுசன், கோவப்படாம கேட்டதே பெருசு.

ஆனா அவரு வெவரமான ஆளு. ஸ்டோர்ஸ் அண்ணனக் கூப்பிட்டு, "அண்ணே பின்னால பைப்புல ரெண்டு நிமிசம் கையக் காட்டிட்டு, நல்லாத் தொடச்சிட்டு வாங்க"ன்னாரு. நம்ம ஊரு பைப்புத் தண்ணி மத்தியானத்துலயும் எப்பிடி இருக்கும்னு சொல்லத் தேவயில்ல. அண்ணன் போய் கையக் காட்டிட்டு பல்லக் கடிச்சுக்கிட்டு வந்து வச்சாரு. ப்ளீஸ் ட்ரை அகேய்ன். ஆபீஸே கைதட்டுச்சு, ஏதோ ஜெயிச்ச மாதிரி. எங்களுக்கு அப்பிடித்தான் இருந்துச்சு, நாங்க பொய் சொல்லலன்னு ஆயிருச்சுல்ல.

அப்புறம் தம்பி ஒரு கண்ணாடி கிளாஸ்ல தண்ணி கேட்டாரு, குடிக்கத்தான்னு நெனச்சோம். கிளாஸ கையில புடிச்சுக்கிட்டு, மேலேர்ந்து தண்ணிக்குள்ள சாய்ச்சு கிளாஸோட பக்கவாட்டப் பாக்கச் சொன்னாரு. பாத்தா கிளாஸோட பக்கம் வெள்ளி பூசுனாப்ல பளபளன்னு இருக்கு, வெளிய புடிச்சிருக்குற வெரல் தெரியல, ஆனா வெரல் ரேகை ஒவ்வொரு வரியும் அச்சடிச்சு வச்ச மாதிரி தெரியுது. வீட்ல செஞ்சு பாருங்க, சத்தியமா தெரியும். மெஷினுக்குள்ள நடக்குறதும் இதேதான்னாரு. கண்ணாடிக்கு அடியிலேர்ந்து சாய்வா லைட் அடிக்குது, வெரல் படாத எடத்துல லைட் கண்ணாடிலயே முழுசா திரும்பி கேமராவுக்குப் போயிரும், அது வெள்ளையாத் தெரியும். ரேகையோட மேடு கண்ணாடில ஒட்டுற எடத்துல மட்டும் லைட் வெரலுக்குள்ள போயிரும், அது கறுப்பாத் தெரியும். அந்தக் கறுப்பு வரி எங்க முடியுது, எங்க ரெண்டாப் பிரியுதுங்கறத மட்டும் குறிச்சு வச்சுக்கிட்டு, காலைல நாம வைக்கும்போது அதோட ஒப்பிட்டுப் பாக்குது.

இங்க கதை என்னன்னா, மேடு கண்ணாடில சரியா ஒட்டணும்னா தோல்ல கொஞ்சம் ஈரப்பசை இருக்கணும், அது வேர்வைத் துவாரத்துலேர்ந்து வர்றது. குளிர்ல ஒடம்பு சூட்ட நெஞ்சுப் பக்கம் காப்பாத்திக்கிறதுக்காக வெரல் நுனிக்குப் போற ரத்தக் குழாயச் சுருக்கிரும், வேர்வையும் நின்னுரும், தோல் காஞ்சு வெறச்சுப் போயிரும். அப்ப மேடு முழுசா ஒட்டாது, புள்ளி புள்ளியாத்தான் ஒட்டும். ஒரு கோடு பத்து துண்டாத் தெரிஞ்சா மெஷின் அத பத்து எடத்துல முடிஞ்ச ரேகைன்னு எடுத்துக்கும், யாரோ அசலூர்க்காரன்னு முடிவு பண்ணிரும். தம்பி லெப்டொப்ல ஒரு சின்ன ஸ்கேனர மாட்டி படத்தையே காட்டுனாரு, அண்ணனோட குளிர்ந்த வெரல் வெறும் புள்ளிக் கோலம், இழுத்து முடிக்காத கோலம். சரி அப்ப நல்லா ஈரமா வச்சா போதுமான்னு சேல்ஸ் தம்பி வெரல தண்ணியில முக்கிட்டு வச்சான், படத்துல மொத்தமும் ஒரே கறுப்பு, மேட்டுக்கு நடுவுல இருக்குற பள்ளத்துலயும் தண்ணி நெறஞ்சு எல்லாம் ஒண்ணாயிருச்சு. காஞ்சாலும் ஆகாது நனைஞ்சாலும் ஆகாது.

இதத் தெரிஞ்சுக்கிட்டதும் எங்க வைத்தியத்துல எது சரி எது வெட்டின்னு தன்னால வெளங்கிருச்சு. அக்கவுண்ட்ஸ் அக்காவோட தலைமுடி வைத்தியம் சரி, ஆனா அதவிட நெத்தியில இல்லாட்டி மூக்கோரத்துல ஒருக்கா தடவுனா போதும், ஒடம்போட எண்ணெய்ப் பசை கொஞ்சூண்டு அங்க எப்பயும் இருக்கும், அளவும் கூடாது. வெரல்ல ஊதுறதும் சரி. ஆனா கண்ணாடில ஊதுறாங்க பாருங்க, அது கூடாது. குளிர்ந்த கண்ணாடில மூச்சுப் பட்டா நீர் கட்டிரும், அதோட முன்னாடி வச்சவரு விட்டுட்டுப் போன ரேகையும் மங்கலா எழும்பி வரும், அப்ப உங்க வெரலும் அவரு வெரலும் சேந்த ஒரு ஆளு இந்த ஆபீஸ்ல வேலை பாக்கணும். அமுக்குறதுலயும் பிரயோசனம் இல்ல, அமுக்குனா தோல் நசுங்கி ரேகை ஒண்ணோடொண்ணு ஒட்டும். நகத்துக்கிட்ட நுனிய வைக்காம, வெரலோட நடுச் சதைய தட்டையா வச்சு, லைட் எரியற வரைக்கும் அசையாம இருக்கணும். நம்மாளுங்க ஒருத்தரும் அசையாம இருக்குறதில்ல, எட்டு இருபத்தொம்பதுக்கு எப்பிடி அசையாம இருக்குறது.

தம்பி கண்டுபுடிச்ச இன்னொரு விசயம்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது. எங்க எல்லாரோட வெரலையும் மெஷின்ல பதிஞ்சது ஒரு ஏப்ரல் மாசம், பின்நேரம், நல்ல வெயில்ல, புதுவருசப் பலகாரம் சாப்புட்ட கையோட. ஆக மெஷினுக்குத் தெரிஞ்ச நாங்க எல்லாரும் ஏப்ரல் மாசத்து ஆளுங்க. ஜனவரி மாசத்து ஆள அதுக்குத் தெரியாது, எப்பிடித் தெரியும்?

அதனால மறுநாள் காலைல எட்டு மணிக்கு, குளிரோட குளிரா, மறுபடி பதிவு. தம்பி ராத்திரி அவரு சொந்தக்காரங்க வீட்ல தங்கிட்டு வந்தாரு, மப்ளரச் சுத்திக்கிட்டு வந்து நின்ன அவரு மொகத்தப் பாத்தப்பதான் அவருக்கு எங்க பிரச்சினை முழுசா வெளங்குச்சுன்னு எனக்குத் தோணுச்சு. ஆளுக்கு ரெண்டு வெரல், ஒவ்வொரு கையிலயும் ஒண்ணு, ஒவ்வொண்ணையும் மூணு மூணு தடவை வைக்கணும். கையில வெட்டுக்காயம் பட்டா, சூடுபட்டா இன்னொரு கை இருக்கும்ல. அதோட ஒரு குறுக்கு வழியும் சொல்லிக் குடுத்தாரு. வெறுமன வெரல வச்சா மெஷின் ஆபீஸ்ல இருக்குற எல்லார் ரேகையோடயும் ஒப்பிட்டுப் பாக்கணும், ஆளு மாறிடக் கூடாதுன்னு ரொம்பக் கறாரா இருக்கும். முதல்ல நம்ம ஊழியர் நம்பர அடிச்சிட்டு வெரல வச்சா, இது இவருதானான்னு ஒரே ஒருத்தரோட மட்டும் பாத்தா போதும், அப்ப கொஞ்சம் விட்டுக்குடுக்கும். இவ்வளவு நாளா அந்த நம்பர் பட்டன் எதுக்குன்னே எங்க யாருக்கும் தெரியாது, செவுத்து மெஷின்ல கால்குலேட்டர் எதுக்கு வச்சிருக்கானுங்கன்னு நெனச்சிருந்தோம்.

எல்லாருக்கும் முடிஞ்சுது, தேத்தண்ணி போடுற பெரியம்மாவுக்குத் தவிர. அவங்களுக்கு ஏப்ரல்லயும் புடிக்காது, ஜனவரிலயும் புடிக்காது, வெயிலு மழை எதுலயும் புடிக்காது. இங்க வர்றதுக்கு முந்தி தோட்டத்துல கொழுந்து எடுத்தவங்க, இருவது வருசத்துக்கு மேல. தம்பி அவங்க வெரல ஸ்கேனர்ல வச்சுப் பாத்தாரு, பெருவெரல்லயும் ஆள்காட்டி வெரல்லயும் ரேகை அங்கங்க தேஞ்சு வழவழன்னு கெடக்கு, கொழுந்த ஒடிக்கிறது அந்த ரெண்டு வெரலுந்தானே, இப்ப அதுக்கு மேல பாத்திரம் கழுவுற சோப்பும். பெரியம்மா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, "பெரட்டுக்களத்துல கணக்கப்புள்ளைக்கு என் மொகத்தப் பாத்தா போதும் தம்பி, பேரு போட்டுருவாரு. லேட்டாப் போனா திட்டுவாரு, ஆனா நீ யாருன்னு ஒரு நாளும் கேக்கல."

தம்பி யோசிச்சிட்டு, "பெரியம்மா, எடது கை மோதிர வெரலக் குடுங்க"ன்னாரு. அந்த வெரலுக்கு வேலை கம்மி, தேய்மானமும் கம்மி. வச்சாங்க, ரேகை நல்லாவே விழுந்துச்சு, மூணு தடவையும். தேங்க் யூன்னதும் பெரியம்மா மெஷினப் பாத்து "பரவால்ல"ன்னாங்க. ஒருவேளை என்னக்காச்சும் புடிக்கலன்னா நம்பரும் கடவுச் சொல்லும் மட்டும் அடிச்சு உள்ள வர்ற மாதிரியும் எச்ஆர் மிஸ் போட்டுக் குடுத்தாங்க. இது பெரியம்மாவுக்கு மட்டும் குடுத்த சலுகைன்னு யாரும் நெனைக்கல, வெரல் தேஞ்சவங்களுக்கு வேற வழி வச்சுத்தான் ஆகணும், மெஷின் மேல தப்பு இருக்கலாம் அவங்க மேல இல்ல.

இவ்வளவும் செஞ்சு ஒரு வாரம் நல்லாப் போச்சு. அப்புறம் இன்னொரு உறைபனி நாளு, நம்பர அடிச்சும் சில பேருக்குப் புடிக்கல, வெரல் அவ்வளவு வெறப்பு. சரியான சூடு வெரலுக்கு எங்கேர்ந்து வரும்னு யோசிச்சப்ப பெரியம்மாதான் வழி சொன்னாங்க. வழக்கமா ஒம்பதரைக்குப் போடுற பிளேன்டீய அவங்க எட்டு இருபதுக்கே போட்டு மெஷினுக்குப் பக்கத்துல ஒரு மேசைல வச்சாங்க. வர்ற ஆளு முதல்ல ஒரு கிளாஸ எடுத்து ரெண்டு கையாலயும் பொத்திப் புடிக்கணும், பாதி குடிக்கணும், வெரல ஒருக்கா தொடச்சிட்டு வைக்கணும். தேங்க் யூ, தேங்க் யூ, தேங்க் யூன்னு வரிசையாப் போகுது. ஸ்டோர்ஸ் அண்ணனுக்கே புடிக்குது, அவரு கிளாஸப் புடிச்சிருக்குறதால பேன்ட்ல தேய்க்கக் கையில்ல, அதுதான் காரணம்னு நான் நெனைக்கிறேன்.

ஒரே ஒரு சிக்கல், தேத்தண்ணி இருந்தா பேச்சும் இருக்கும். மெஷினுக்கு முன்னாடி இருந்த வரிசை இப்ப மெஷினச் சுத்தி வட்டமாயிருச்சு, எட்டு இருபத்தெட்டுக்கு யாராவது கத்தணும், "வெரல வச்சிட்டுப் பேசுங்கப்பா!" ஒம்பதரைக்கு தேத்தண்ணி நின்னுரும்னு மேனேஜர் சேர் நெனச்சாரு, நிக்கல, அதுவும் வருது. மூணாம் மாசம் ஹெட் ஆபீஸ்லேர்ந்து அக்கவுண்ட்ஸ் அக்காவுக்கு ஒரு கடிதம், இந்தக் கிளையில தேயில சீனிச் செலவு ஏன் இப்பிடி ஏறியிருக்குன்னு வெளக்கம் கேட்டு. அக்கா கடிதத்த எச்ஆர் மிஸ்கிட்ட குடுத்தாங்க, மிஸ் மேனேஜர் சேர்கிட்ட குடுத்தாங்க, சேர் கையில இருந்த பிளேன்டீ கிளாஸ மேசைல வச்சிட்டு ரொம்ப நேரம் யோசிச்சு, அந்தச் செலவுக்கு நேரா அவரே பேனாவால எழுதுனாரு: "அட்டென்டன்ஸ் மெஷின் பராமரிப்பு."